12 மணிக்கு மேல் ஓடும் மனசு

சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு, தாம்பரத்தில் வேலை என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை 5.30-க்கு எழ வேண்டும் என்பதால் 10 மணிக்கே படுத்துவிடுகிறார். தூக்கம் வருவதோ 12.30-க்கு. நடுவில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாருக்கு எடுக்க வேண்டிய ஸ்கேன், மேனேஜர் கேட்ட கணக்கு என மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க நேரம் கிடைக்காத கவலைகளுக்கு, விளக்கை அணைத்த பிறகுதான் இடம் கிடைக்கிறது.

அந்தக் கவலைகளுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கலாம். சாப்பாடு முடிந்து 8.30 மணிக்கு, படுக்கையறையில் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் பத்து நிமிடம் எழுத வேண்டும். 'ஃபீஸ்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'நாளை 11 மணிக்கு ஸ்கூல் ஆபீஸுக்கு போன், கடைசி தேதி கேட்க வேண்டும்' என்று அடுத்த வேலையையும் நேரத்தையும் எழுத வேண்டும். நம் கையில் இல்லாத கவலை என்றால், 'இன்று செய்ய ஒன்றுமில்லை' என்று எழுதி நோட்டை மூடிவிடலாம்.

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களிடம் இதைச் சோதித்து, 2018-ல் வெளியிட்டது. படுக்கும் முன் 5 நிமிடம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்குப் பலன் கூடுதல். அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நாள்பட்ட தூக்கமின்மைக்கு நோட்டு மட்டும் போதாது. போனில் எழுத வேண்டாம். எழுதி முடிப்பதற்குள் வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும்!

அடுத்தது, பலர் ஒத்துக்கொள்ளாத விஷயம்: சீக்கிரம் படுக்கக் கூடாது. இவர் ஏழரை மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரமே தூங்குகிறார். மீதி நேரத்தில் அந்தக் கட்டில் கவலைப்படும் இடமாகப் பழகிவிடுகிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு 11.30-க்குப் படுக்கலாம். எழுவது லீவு நாளிலும் அதே 5.30. கடைசி ஒரு மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது, பாட்டு கேட்பது போதும். படுத்ததும் தூக்கம் வரத் தொடங்கினால், வாரம் 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவரலாம். முதல் வாரம் பகலில் அசதி கூடும். டிரைவர் வேலை பார்ப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது.

படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் மனசு ஓடினால், எழுந்து கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கடிகாரம் வேண்டாம், குத்துமதிப்பு போதும். கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம். ஒரே இரவில் இரண்டு மூன்று தடவை எழ நேரலாம். அது தோல்வி இல்லை.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதமாக இப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் தாறுமாறாகக் கூடினால் காத்திருக்கவே கூடாது. அது வேறு நோயாக இருக்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.