மீதி ஒன்று, விடை இரண்டு

பழைய பத்திரிகைகளைத் திகதி வாரியாக அடுக்கிற வேலை ஒன்று எங்கட பட்ச்சுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்குப் பத்து நாள் முந்தி என்ன கிழமை? ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கி சனி 6 வரை இலக்கம் போட்டோம். கழித்துப்போட்டு 7 ஆல் வகுத்து மீதியை எடுத்தால் முடிஞ்சுது என்றுதான் நினைத்தோம். செவ்வாய் 2. அதில் 10 போக -8.

```
-8 % 7    பைதன்: 6
-8 % 7    ஜாவாஸ்கிரிப்ட்: -1
```

6 என்றால் சனி. விரல் விட்டு எண்ணினாலும் சனிதான். -1 ஆம் கிழமை எங்க இருக்கு?

உடனே "ஜாவாஸ்கிரிப்ட் பிழை" என்று சொல்லிவிட்டோம். அது அவசரம். வகுக்கும் எண்ணை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்பி வரவேணும். இரண்டு பேரும் இந்த விதியை மீறவில்லை. பிரச்சினை ஈவில் இருக்கு. -8 ஐ 7 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட -1.14. பைதன் எப்பவும் கீழ்ப்பக்கம் இறங்கும், ஆகவே ஈவு -2. ஏழு தரம் -2 என்றால் -14. -8 க்கு வர 6 வேணும். மற்றது தசமத்தை வெட்டிவிட்டுப் பூச்சியத்தின் பக்கம் போகும், ஈவு -1. அது -7, மிச்சம் -1.

சி மொழியில் 1999 வரைக்கும் இதற்குத் திட்டமான விடையே இல்லை. எதிர் எண் வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதை 1989 நியமம் கொம்பைலரிடமே விட்டிருந்தது. 1999 நியமம்தான் பூச்சியத்தின் பக்கம் என்று முடிவெடுத்தது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதே பக்கம்தான்.

பூச்சியப் பக்கம் போவதிலும் ஒரு நியாயம் இருக்கு. 8 க்கு ஈவு 1 என்றால் -8 க்கு -1. வரவும் கடனும் ஒரே அளவாக வகுபடும். ஆனால் கிழமை, மணிக்கூடு மாதிரிச் சுத்தி வருகிற விசயங்களுக்கு அது உதவாது. ஒற்றை எண்ணா என்று பார்க்க `n % 2 == 1` என்று எழுதினாலும் -3 இல் தவறும், ஏனெண்டால் அங்கே மீதி -1.

அடா மொழி `mod`, `rem` என்று இரண்டு பெயர் வைத்திருக்கு. எங்களுக்கு அதுதான் நேர்மையான வழியாகப் படுகுது. இரண்டு வேறு கேள்விகளுக்கு ஒரே `%` குறியைக் கொடுத்ததுதான் குழப்பத்தின் வேர். அதுவரை ஜாவாஸ்கிரிப்டில் நாங்கள் இப்படி எழுதுறம்:

```
((n % 7) + 7) % 7
```

-1 உடன் 7 கூட்ட 6. சனிக்கிழமை திரும்பி வந்திட்டுது. புது மொழி ஒன்றைத் தொட்டால் முதலில் `-8 % 7` அடிச்சுப் பாருங்கோ. அது எந்தப் பக்கம் நிக்குது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.