பொறுப்புத் துறப்பு யாரைக் காக்கிறது?

சட்டத் தகவல் தரும் இணையதளங்களின் அடியில் ஒரு பத்தி இருக்கும். ‘இங்குள்ளவை பொதுத் தகவல்கள் மட்டுமே, சட்ட ஆலோசனை அல்ல, இவற்றால் நேரும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ இதற்குத் தமிழில் ‘பொறுப்புத் துறப்பு’ என்று பெயர். துறவுக்குரிய ஒரு சொல் இவ்வளவு மலிவாகப் பயன்படுவது வேறெங்கும் இல்லை.

எங்கள் பல்கலைக்கழக வாயிலில் ஒளிநகல் கடை நடத்துபவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருக்குத் தரப்பட்ட ஒரு காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. ஜனவரி 25 தேதியிட்ட காசோலை. வங்கியின் குறிப்பு அவர் கைக்கு வந்தது மார்ச் 3. பதினெட்டாம் நாளில் ஓர் இணையதளத்தைப் பார்த்திருக்கிறார். பணம் கேட்டு 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. காலம் கடந்துவிட்டதென்று எண்ணி விட்டுவிட்டார்.

உண்மையில் அவருக்கு ஏப்ரல் 2 வரை காலம் இருந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் 15 நாள் என்றிருந்ததை 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் 30 நாளாக்கியது. 2003 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே மாறிய விதியை அந்தப் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. எழுதிய தேதியும் இல்லை, சரிபார்த்த தேதியும் இல்லை. பொறுப்புத் துறப்பு மட்டும் பிழையின்றி இருந்தது.

‘வழக்கறிஞரைக் கேளுங்கள் என்றுதான் போட்டிருந்தோமே’ என்பார்கள். காலம் முடிந்தது என்று நம்பியவர் எதற்காக வழக்கறிஞரைத் தேடுவார்? அந்த எச்சரிக்கையைப் பயனற்றதாக்கியது அதே பக்கத்தின் பிழைதான்.

இந்த வாசகங்களின் ஊற்றை நாம் பேசுவதே இல்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளில் 36-ஆவது. 2008-இல் வந்த திருத்தம், பெயர், முகவரி, பதிவு, தகுதி போன்ற சில விவரங்களோடு இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. சட்ட நிறுவனங்களின் தளங்களில் நுழையும்போதே ‘நானாகத்தான் தேடி வந்தேன், என்னை யாரும் அழைக்கவில்லை’ என்று நம்மை ஒப்புக்கொள்ள வைக்கிறார்களே, அதன் வேர் இதுதான். அது வழக்கறிஞர், தம் மன்றத்தை நோக்கிச் சொல்லும் வாக்குமூலம். கையொப்பம் மட்டும் வாசகருடையது. வழக்கறிஞரே அல்லாதவர்கள் நடத்தும் தகவல் தளங்களும் அந்தத் தொனியை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன.

அந்தப் பக்கம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் கருத்தில், பின்வருமாறு:

‘இந்தப் பக்கம் 138, 142 ஆகிய பிரிவுகளைப் பற்றியது. கடைசியாகச் சட்ட வாசகத்தோடு ஒப்பிட்ட நாள் இது, ஒப்பிட்டவர் இன்னார். அறிவிப்புக்கான 30 நாள், காசோலை திரும்பிய செய்தி வங்கியிடமிருந்து உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது. இதைத் தவறவிட்டால் நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வழியில்லை. அறிவிப்பு கிடைத்தபின் பணம் தர எதிர்த்தரப்புக்கு 15 நாள் உண்டு. அதன்பின் புகார் தாக்கல் செய்ய ஒரு மாதம். இங்கு மட்டும், போதிய காரணம் காட்டினால் தாமதம் பொறுக்கப்படலாம். காலம் முடிந்தது என்று இந்தப் பக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இலவச சட்ட உதவிக்கான எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி அந்த உரிமை உண்டு.’

இதில் எங்கே பிழை நேர்ந்தால் மீள முடியாது, எங்கே மீளலாம் என்பது தனித்தனியே தெரிகிறது. வாசகருக்குத் தேவையான எச்சரிக்கை அதுவே. ‘எல்லாமே பிழையாக இருக்கலாம்’ என்பவர் எதையும் எச்சரிக்கவில்லை.

இவ்வளவு குறிப்பாக எழுதினால் பொறுப்பு கூடிவிடும் என்று ஒரு நண்பர், சட்டத்துறை ஆய்வாளர், வாதிட்டார். கூடட்டுமே. தேதி போடத் துணிவில்லாத ஒருவர், அடுத்தவர் பணத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? ஆண்டுக்கு ஒரு முறை சட்ட வாசகத்தைத் திறந்து பார்க்க முடியாதவர் அந்தப் பக்கத்தை நீக்கிவிடலாம். நம் துறைகள் நடத்தும் ‘சட்ட விழிப்புணர்வு’ப் பக்கங்களையும் சேர்த்தே சொல்கிறேன். அவற்றில் சில, தமிழிலோ இந்தியிலோ விளக்கத்தை எழுதிவிட்டு, துறப்பை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருக்கின்றன. யாருக்கு விளக்கம், யாருக்குத் துறப்பு?

கடைக்காரர் என்னிடம் இதைச் சொன்னது ஏப்ரல் 12. காசோலைக்கு மூன்று மாத ஆயுள். இன்னும் பதின்மூன்று நாள் மிச்சம். அந்தக் காலத்துக்குள் மீண்டும் வங்கியில் செலுத்தி, அது மறுபடி திரும்பினால் புதிதாக அறிவிப்பு அனுப்பி வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாக்கியிருக்கிறது. மறுநாளே செலுத்தினார்; திரும்பியது; இம்முறை அறிவிப்பு போனது. இரண்டு வாரம் கழித்துச் சொல்லியிருந்தால் இந்த வழியும் அடைபட்டு, மூன்றாண்டுக் கெடுவுக்குள் உரிமையியல் வழக்கு ஒன்றே எஞ்சியிருக்கும். அந்தப் பக்கத்தில் இப்போதும் 15 நாள் என்றுதான் இருக்கிறது.