ஆட்டின் வயதும் அடுப்பின் நேரமும்

சென்ற தீபாவளியன்று நம் இல்லத்தில் ஒரு சிறு தகராறு நேர்ந்தது. "நல்ல இளங்குட்டி, ஸார்!" என்ற கடைக்காரரின் வார்த்தையை நம்பி, அதிகாலையில் ஒரு கிலோ தொடைக்கறியும் ஒரு தலையும் வாங்கி வந்தோம். தொடைக்கறிக் குழம்பு ஒரு மணி நேரம் கொதித்தது. எண்பது வயதைக் கடந்து, பற்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்ட நம் தகப்பனார் ஒரு துண்டை வாயிலிட்டு நெடுநேரம் முயன்றார். பிறகு மெளனமாக இலையோரத்தில் ஒதுக்கி வைத்தார். மனைவியார் கடைக்காரரைக் குறை கூறினார். நாம் அடுப்பைக் குறை கூறினோம்.

"தலை இருக்கிறதல்லவா? தாடையைக் கொண்டு வாடா" என்றார் தகப்பனார்.

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. தடித்த ஈறு மட்டுமே உண்டு. கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள் இருக்கும். குட்டியில் எட்டும் சிறிய பால்பற்கள். ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நடுப்பற்கள் இரண்டும் விழுந்து, அகலமான புதுப்பற்கள் முளைக்கின்றன. பின்னர் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ஜோடியாக, நான்கு, ஆறு, எட்டு என்று பெருகும். இனத்தையும் தீனியையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின்னாகலாம். நம் கையிலிருந்த தாடையிலோ எட்டும் முளைத்துத் தேயவும் தொடங்கியிருந்தன. ஆகவே, நமது 'இளங்குட்டி'க்கு நான்கு வயதுக்குக் குறைவில்லை!

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலேயரின் சமையலில் 'லாம்ப்' என்பது செம்மறிக் குட்டி. 'மட்டன்' என்பது வளர்ந்த செம்மறி. வெள்ளாடு இவ்விரண்டிலும் சேராது. நம் நாட்டிலோ வெள்ளாடு, செம்மறி, கிழம், குட்டி யாவும் ஒரே 'மட்டன்'தான். ஆஸ்திரேலியாவில் குட்டிக்கும் வளர்ந்ததற்கும் எல்லை வகுப்பது இந்த முன்பற்களே. புதுப்பல் முளைக்கத் தொடங்கினாலும், அது மற்றப் பற்களின் மட்டத்துக்கு வளராத வரையில் குட்டி என்றே விற்கலாம் என்று 2019-ல் அங்கே விதியைத் திருத்தினார்கள்.

வயது ஏறினால் கறி ஏன் முரடாகிறது? தசைநார்களைக் கட்டிவைக்கும் சவ்வில் கொலாஜன் என்னும் பொருள் இருக்கிறது. குட்டியின் உடலில் அதன் இழைகள் தளர்ந்த பிணைப்புள்ளவை. ஆகையால் கொதிநீரில் விரைவிலே கரைந்து பசையாகிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல, இழைக்கு இழை உறுதியான முடிச்சுக்கள் விழுகின்றன. கொலாஜனின் அளவு பெருகுவதைவிட இந்த முடிச்சே முக்கிய காரணம். முதிர்ந்த சவ்வும் கரையத்தான் செய்யும். ஆனால் அதற்கு நீரும் நேரமும் வேண்டும். அடுப்பை எரியவிட்டு அவசரப்படுத்தினால், சவ்வு கரைவதற்கு முன்பே தசை சுருங்கிச் சாறு வற்றிவிடும்.

ருசியின் கதை வேறு. மணம் பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது. செம்மறி தோலுக்கடியிலும் தசைகளுக்கிடையிலும் கொழுப்பைச் சேர்க்கும். வயது ஏற ஏற அதன் வாசனையும் ஓங்கும். வெள்ளாடோ கொழுப்பில் பெரும்பங்கை வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்வதால் அதன் கறி மெலிந்தது. நீரின்றி வறுத்தால் சீக்கிரம் உலர்ந்துபோகும். காயடிக்காத முதிர்ந்த கிடாவின் வாடை எல்லாவற்றையும் விஞ்சும். நமது குழம்பு ஆறியதும் மேலே வெள்ளை ஏடாகத் தடித்து உறைந்ததைக் கண்டு, "செம்மறி" என்றார் தகப்பனார்.

நிற்க. குழம்பைக் கொட்டிவிடவில்லை. இரண்டு டம்ளர் வெந்நீர் சேர்த்து, மூடி, மேற்பரப்பு இலேசாக அசையும் அளவுக்குத் தணலைக் குறைத்து, மேலும் ஒன்றரை மணி நேரம் வைத்தோம். கரண்டியால் அழுத்தியபோது துண்டு நார் நாராகப் பிரிந்தது. அவசரமுள்ளோர்க்குக் குக்கர் உதவும். அதனுள் வெப்பம் கொதிநிலையைக் கடந்து ஏறுவதால் முடிச்சுக்கள் விரைவில் அவிழும்.

தலை வாங்காத நாளில் எலும்பைப் பார்க்கலாம். குட்டியின் எலும்பு வெட்டிய இடத்தில் சிவந்து, முனையில் மெல்லிய குருத்தெலும்புடன் இருக்கும். முதிர்ந்ததன் எலும்பு வெளுத்துக் கெட்டியாயிருக்கும். கறியின் நிறமும் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வெட்டிய சில மணி நேரத்தில் எந்த ஆட்டின் தசையும் விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சமைத்தால் குட்டிக்கறியும் முரடாகவே இருக்கும். அதற்கு வயதைக் குறை கூறலாகாது. குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்தால் விறைப்பு தளரும்.

அன்று பிற்பகல் தகப்பனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "குட்டிக்கு இவ்வளவு ருசி ஏது?" என்றார். வயதை அறியாமல் வைத்த ஒரு மணி நேரந்தான் பிழை. கிழ ஆட்டின்மேல் குற்றமில்லை.