எல்லா இணைப்புக்கும் பிரீஃபெட்ச் எதற்கு?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படியொரு நாளில், விட்டுவிட்டு வரும் சிக்னலில், ஒருவர் மழையளவுப் பக்கத்தைத் திறந்து தன் ஊர்ப் பெயரைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரின் பக்கம் உடனே திறக்க என்ன வழி? "எல்லா இணைப்புக்கும் பிரீஃபெட்ச் போடு, சிக்னல் மோசமாக மோசமாகப் பலன் கூடும்" என்கிறார்கள் தளம் கட்டுவோர் பலர். இது தவறு.

பிரீஃபெட்ச் எதையும் சுருக்குவதில்லை. பின்னால் இறங்க வேண்டியதை முன்னால் இறக்குகிறது, அவ்வளவுதான். நொடிக்கு 50 கிலோபைட் வரும் இடத்தில், தலா 50 கிலோபைட்டில் 20 ஊர்ப் பக்கங்கள் இருந்தால் மொத்தமும் இறங்க 20 நொடி. ஐந்தாம் நொடியில் அவர் தொடும் ஊர் பட்டியலில் பன்னிரண்டாவது என்றால், அது இன்னும் வந்திருக்காது. அதற்குள் இறங்கியதெல்லாம் அவருடைய ரீசார்ஜில் போன வீண் டேட்டா.

"பிரவுசர் இவற்றுக்குக் கடைசி முன்னுரிமைதானே தருகிறது, என்ன இடைஞ்சல்?" என்று கேட்பார்கள். அந்த முன்னுரிமை கோரிக்கைகளை வரிசைப்படுத்த உதவும். ஆனால் சர்வர் ஏற்கெனவே அனுப்பிவிட்ட தரவு டவரின் வரிசையில் நின்றால், தொட்ட பக்கம் அதன் பின்னால்தான் காத்திருக்க வேண்டும். நெருக்கடியான டவரில் இதுதான் மெய்யான தாமதம்.

பிரீலோடையும் இதே வேலைக்குப் போடச் சொல்வது இன்னும் மோசம். பிரீலோட் இப்போது திறந்திருக்கும் பக்கத்துக்கானது. ஸ்டைல் கோப்புக்குள் ஒளிந்திருப்பதால் தாமதமாகத் தெரியவரும் எழுத்துருவுக்கு அது பொருந்தும். அடுத்த பக்கத்துப் படத்தை அதில் போட்டால், கண்ணெதிரே இருக்கும் பக்கத்தின் பங்கை அது தின்றுவிடும். இறக்கியது சில நொடிகளில் பயன்படாவிட்டால் குரோம் கன்சோலில் எச்சரிக்கை வரும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

மெதுவான இணைப்பில்தான் பலன் அதிகம் என்ற வாதத்தை, பிரீஃபெட்சுக்கு நூலகம் எழுதியவர்களே ஏற்கவில்லை. கூகுளின் குவிக்லிங்க் நூலகம் 2ஜி என்று கண்டாலோ டேட்டா சேமிப்பு இயக்கத்தில் இருந்தாலோ எதையும் முன்கூட்டி இறக்காது.

அதற்காக பிரீஃபெட்சையே தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே பக்கத்துக்குப் போடலாம். அவர் போன முறை பார்த்த ஊரை ஃபோனிலேயே குறித்து வைத்து, இப்போதைய பக்கம் முழுதாக வந்தபின் அதை மட்டும் சேர்க்க வேண்டும்:

```html
<link rel="prefetch" href="/rain/avalanche">
```

சர்வர் அந்தப் பக்கத்துக்கு `no-store` என்று பதில் தந்தால் இறக்கியதைச் சேமித்துவைக்க முடியாது. தொட்டதும் மறுபடி முதலிலிருந்து இறங்கும். உண்மையிலேயே உதவியதா என்று பார்க்க, குரோமின் நெட்வொர்க் பலகையைத் திறந்து வைத்து இணைப்பைத் தொடுங்கள்; அளவுப் பத்தியில் `(prefetch cache)` என்று வர வேண்டும். பிறகு சர்வர் பதிவில் `Sec-Purpose: prefetch` என்ற தலைப்போடு வந்த கோரிக்கைகளை எண்ணி, அவற்றில் எத்தனை பக்கங்கள் பின்னர் திறக்கப்பட்டன என்று ஒப்பிடுங்கள். பாதிகூடத் திறக்கப்படவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுவதே மேல்.