ஐந்தரை வருட இடைவெளிக்கு மூன்று வாக்கியம்

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கிருந்துதான் பல ஊர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகின்றன. அப்படி ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை என்ற செய்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பி.காம். படித்தவர். ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் 2014 முதல் ஜூன் 2020 வரை கணக்குப் பிரிவில் இருந்தவர். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டார். அதற்குப் பிறகு பயோடேட்டாவில் ஐந்தரை வருடம் வெள்ளையாகக் கிடக்கிறது.

பயோடேட்டாவை அனுப்புவது பெரிய வேலை இல்லை. அதோடு சேர்த்து அனுப்ப வேண்டிய நாலு வரிச் செய்தியில்தான் கை நின்றுவிடும். பெரும்பாலும் கடைசியில் போவது இப்படித்தான் இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சில வருடங்கள் வேலைக்குச் செல்ல இயலவில்லை. அதற்கு மன்னிக்கவும். எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயார். சம்பளம் எவ்வளவு என்றாலும் பரவாயில்லை. ஒரு வாய்ப்புத் தாருங்கள்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இது வேலைக்கு ஆகாது. இந்த மாதிரி நிறுவனங்களில் மனிதவளத் துறை என்று தனியாக ஒன்று இருப்பது அரிது. முதலாளியோ மேனேஜரோ லோடு ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டே போனில் படிப்பார். இடைவெளியைப் பார்த்ததும் அவர் மனதில் வருவது கோபம் இல்லை, சந்தேகம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏதாவது பிரச்சினையாகி அனுப்பிவிட்டார்களா? நாம் எடுத்தால் நாலு மாதத்தில் மறுபடி நின்றுவிடுவாரா? 2020-ல் விட்டவருக்கு இன்றைய கணக்கு தெரியுமா? “குடும்பச் சூழ்நிலை” என்ற இரண்டு சொல் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. “மன்னிக்கவும்” முதல் சந்தேகத்தைக் கூட்டுகிறது. மாமனாரைப் பார்த்துக்கொண்டதற்கு யாரிடம் எதற்கு மன்னிப்பு? “சம்பளம் எவ்வளவு என்றாலும்” என்பது இன்னும் மோசம். பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஆறு வருட அனுபவத்தை விலையில்லாமல் கொடுப்பது அது.

இடைவெளியை மறைக்கலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பழைய மில்லில் 2023 வரை இருந்ததாகத் தேதியை நீட்டிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். பார்ப்பார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். பி.எஃப். பிடித்த வேலை என்றால் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் யு.ஏ.என். எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். புதிய இடத்தில் சேரும்போது முந்தைய வேலை விவரத்தையும் யு.ஏ.என். எண்ணையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பயோடேட்டாவில் ஒரு தேதி, பி.எஃப். பதிவில் வேறு தேதி என்றால், சேர்ந்த பிறகும் அந்த வேலை நிலைக்காது.

இதில் நேர்மையாக எழுதுபவர்களும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருக்கலாம். பதிவைப் பார்த்தால் அந்தப் பெண் இன்னும் மில்லில் இருப்பது போலவே தெரியும். அதனால் செய்தி எழுதுவதற்கு முன்பே இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் View என்பதில் Service History-யைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. தேதி காலியாக இருந்தால் Manage என்பதில் Mark Exit வழியாக, ஆதார் ஓ.டி.பி.யுடன் அவரே பதியலாம். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து வருடம் கடந்தவருக்கு அது தடையே இல்லை. பயோடேட்டாவிலும் செய்தியிலும் அதே தேதிதான் வர வேண்டும்.

இனி இடைவெளிக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லும் பலர் ஏதோ ஒன்று செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். நம் உதாரணத்துப் பெண் 2023 முதல், தெரிந்தவரின் பால்கோவா கடைக்கு மாலையில் இரண்டு மணி நேரம் கணக்கு எழுதுகிறார். பால் கொள்முதல், சர்க்கரை பில், கடைக்கடையாகப் போட்ட சரக்குக்கு வர வேண்டிய பாக்கி எல்லாம் அவர் கையில்தான். “அது ஒரு வேலையா” என்று அவரே அதை விட்டுவிடுவார். எழுத வேண்டும். எழுதும்போது உள்ள அளவிலேயே எழுத வேண்டும். “அக்கவுண்ட்ஸ் மேனேஜர்” என்று ஊதினால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே காற்று போய்விடும். பகுதி நேரம், இரண்டு மணி நேரம், இன்ன வேலை என்றால் போதும். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவர் எண்ணையும் கொடுத்தால், ஒரு போனில் உறுதியாகிவிடும்.

அடுத்தது, வேலையை விட்ட பிறகு அந்த வேலையில் என்ன மாறியது என்பது. “சீக்கிரம் கற்றுக்கொள்வேன்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். மாறியதைப் பெயர் சொல்லி எழுதினால் அங்கே நிற்பார். கணக்கு வேலையில் ஜூன் 2020-க்குப் பிறகு மாறியது கொஞ்சம் இல்லை. அவர் பழகிய டேலி இ.ஆர்.பி. 9 போய், 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. கொள்முதல் வரியைச் சரிபார்க்க 2020 ஆகஸ்ட்டில் ஜி.எஸ்.டி.ஆர். 2பி வந்தது. 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இ-இன்வாய்ஸ் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கும் கட்டாயமானது. சத்திரப்பட்டியின் ஏற்றுமதி நிறுவனங்களையும் தொடும் வரம்பு அது. 2025 செப்டம்பர் 22 முதல் பேண்டேஜ், காஸ் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது.

இத்தனையையும் செய்தியில் அடுக்க வேண்டியதில்லை. உண்மையாகக் கற்றதில் இரண்டைச் சொன்னால் போதும். கற்றிருக்காவிட்டால் முதலில் கற்றுவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதே சரி. டேலி பிரைமைப் பழைய டேலி தெரிந்தவர் சில வாரங்களில் பிடித்துவிடலாம். இ-இன்வாய்ஸ் போட்டதில்லை என்றால் “பயிற்சியில் செய்தேன்” என்றுதான் எழுத வேண்டும். “அனுபவம் உண்டு” என்று எழுதக் கூடாது.

அதன் பிறகு செய்தி இப்படி அமையும்:

“வணக்கம் சார். உங்கள் கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 2014 முதல் ஜூன் 2020 வரை ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கொள்முதல் பில்களும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் என் பொறுப்பு. மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததால் நானே ராஜினாமா செய்து அவரைக் கவனித்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு டிசம்பர் 2024-ல் முடிந்தது. 2023 முதல் ஒரு பால்கோவா கடைக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறேன்; சென்ற ஆண்டு டேலி பிரைமும் இ-இன்வாய்ஸும் பயிற்சி எடுத்தேன். பேண்டேஜ், காஸுக்கு வரி 5 சதவீதமாக மாறியது தெரியும். முழுநேர வேலைக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதி சேர முடியும். மில்லின் அனுபவச் சான்றிதழை இணைத்துள்ளேன். நேரில் வர எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள்.”

மில்லின் பெயரை உண்மையான செய்தியில் கட்டாயம் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே வரிசைதான்: முதலில் வேலை, பிறகு இடைவெளி, பிறகு இன்றைய நிலை. இடைவெளியைச் சொல்வது நடுவில் இருக்கும் மூன்று வாக்கியம் மட்டும்தான். “நானே ராஜினாமா செய்து” முதல் சந்தேகத்துக்குப் பதில்; “முடிந்தது” இரண்டாவதுக்கு; பயிற்சி மூன்றாவதுக்கு. குழந்தையை இப்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற விவரம் அதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆண்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. நேரில் கேட்டால் “ஏற்பாடு இருக்கிறது சார்” என்பதே முழுப் பதில்.

எல்லாக் காரணமும் இப்படி வெளியே சொல்லக்கூடியதாக இருக்காது. கரு கலைந்தது, மனச்சோர்வு, வீட்டில் குடிப் பிரச்சினை இவையெல்லாம் மேனேஜருக்குத் தெரிய வேண்டியவை அல்ல. “உடல்நலக் காரணமாக விலகினேன், இப்போது முழுநேரம் வேலை செய்ய முடியும்” என்றால் உண்மையும் கெடவில்லை, அந்தரங்கமும் போகவில்லை. ஆனால் நடக்காத ஒன்றை அங்கே வைக்கக் கூடாது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்து மூன்று நாலு வருடம் போனவர்களின் நிலை வேறு. இந்தப் பக்கம் அந்த இடைவெளி நிறைய. அங்கே முதலாளியின் பயம் ஒன்றே ஒன்றுதான்: ரிசல்ட் வந்தால் ஆள் போய்விடுவார். இனி எழுதப் போவதில்லை என்றால் “2022 முதல் 2025 வரை குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன், இனி தனியார் வேலையில் தொடர முடிவு செய்துவிட்டேன்” என்று எழுதலாம். இன்னும் எழுதுவதாக இருந்தால் அந்தப் பின்பாதியை எழுதக் கூடாது. படித்த காலத்தை மட்டும் சொல்லிவிட்டு, கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

செய்தியை எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர். 1-க்குக் கடைசி நாள் 11, 3பி-க்குக் கடைசி நாள் 20. அந்தப் பத்து நாளும் கணக்குப் பிரிவில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 21-ஆம் தேதிக்கு மேல், ஒரு வேலை நாளின் காலையில் அனுப்பினால், படிக்கிறவர் கொஞ்சம் நிதானமாகப் படிப்பார்.