“கேஷா, ஆன்லைனா?” - ஊபரின் அமெரிக்க மாடலை இந்திய ஆட்டோ எப்படி மாற்றியது?

செயலியில் ஆட்டோ புக் செய்த அடுத்த நிமிடம் டிரைவரிடமிருந்து போன் வருகிறது. “எங்க சார் போகணும்? கேஷா, ஆன்லைனா?” ஆன்லைன் என்று சொன்னால் பல நேரங்களில் சத்தமில்லாமல் கேன்சல். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலைக்குப் போய்வரும் பலருக்கு இந்த உரையாடல் மனப்பாடம்.

இதை டிரைவரின் அடாவடி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஒரு தொழில் மாடல் இந்திய ஆட்டோவில் ஏறியபோது எங்கே இடித்தது என்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஊபர், இந்திய ஆட்டோக்களுக்கு கமிஷன் வாங்குவதையே நிறுத்தியது. டிரைவர் கட்டும் சந்தாத் தொகைதான் இனி வருமானம் என்றது. அங்கே கமிஷனில் ஓடிய மாடல் இங்கே வாடகைக்கு இறங்கிவந்தது ஏன்?

பணம் முதலில் யார் கைக்கு வருகிறது?

அமெரிக்காவில் ஊபர் 2009-ல் தொடங்கப்பட்டபோது, அங்கே கிரெடிட் கார்டு ஏற்கெனவே பரவலாக இருந்தது. கார்டு எண்ணைச் செயலியில் ஒருமுறை பதிந்தால் போதும். பயணம் முடிந்ததும் பயணி இறங்கி நடந்துவிடலாம். பணம் தானாகக் கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனி தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை டிரைவருக்கு அனுப்பும்.

ஊபர் என்றாலே செயலி, ஜிபிஎஸ், ஸ்டார் ரேட்டிங் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். உண்மையில் அதன் அச்சாணி இந்தப் பண ஓட்டம்தான். பணம் முதலில் கம்பெனி கைக்கு வருவதால் கமிஷனை யாரிடமும் ‘கேட்டு’ வாங்க வேண்டியதில்லை. கட்டணத்தைக் கம்பெனியே தீர்மானிக்கலாம். டிரைவர் சுற்றிப்போனால் பயணிக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். டிரைவருக்கு அபராதமும் போடலாம்.

2013-ல் ஊபர் பெங்களூருவில் கால் வைத்தது. இந்தியாவில் கார்டு மூலம் ஆன்லைனில் பணம் கட்ட, ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாடு வழியாகப் பணத்தை எடுத்து இந்த விதியைத் தாண்டிய நடைமுறைக்கு 2014-ல் ரிசர்வ் வங்கி முற்றுப்புள்ளி வைத்தது. ஊபர் பேடிஎம் வாலட்டுக்கு மாறியது. ஆனாலும் அது போதவில்லை. பெரும்பாலான பயணிகளின் கையில் இருந்தது ரொக்கம். 2015 மே மாதம் ஹைதராபாத்தில் கேஷ் வாங்கும் சோதனையை ஊபர் தொடங்கியது. ரொக்கம் தொடாமல் வளர்ந்த கம்பெனிக்கு இது பெரிய வளைவு.

கேஷ் வந்ததும் கணக்கு தலைகீழானது

ஓர் உதாரணக் கணக்கு. கட்டணம் 150 ரூபாய், கமிஷன் 25% என்று வைத்துக்கொள்வோம். கார்டில் கட்டினால், கம்பெனி 37.50-ஐ எடுத்துக்கொண்டு 112.50-ஐ டிரைவருக்குத் தரும். கேஷ் என்றால் 150-ம் டிரைவர் பாக்கெட்டில். இப்போது கம்பெனிக்கு 37.50 தர வேண்டிய கடனாளி டிரைவர்தான். இப்படிப் பத்து சவாரி ஓடினால் 375 ரூபாய் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியை, அடுத்து வரும் ஆன்லைன் சவாரிகளின் பணத்தில் கம்பெனி கழித்துக்கொள்ளும்.

இப்போது அந்த போன் கால் புரியும். டிரைவர் பார்வையில் ஆன்லைன் சவாரி என்பது, இன்றைக்கு ஓட்டி, பழைய பாக்கிக்குப் பறிகொடுப்பது. பாக்கி இல்லாவிட்டாலும் பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். கேஸ் போடவும் வண்டி வாடகை கட்டவும் அன்றைக்கே காசு வேண்டும். 2022-ல், டிரைவருக்குப் பணம் கட்டும் முறையை முன்கூட்டியே காட்டும் ஏற்பாட்டை ஊபர் அறிவித்தது. போகும் இடத்தைக் காட்டும் சோதனையும் நடந்தது. டிரைவர் போன் செய்து கேட்டதைச் செயலியே சொல்லத் தொடங்கியது, அவ்வளவுதான்.

யுபிஐ வந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். மாறாக, கம்பெனியின் பிடி இன்னும் தளர்ந்தது. ஆட்டோவின் முன்னால் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் நேராக டிரைவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. சில்லறைத் தகராறு இல்லை, நடுவில் கம்பெனியும் இல்லை.

25 ரூபாய் கேட்ட போட்டியாளர்

இந்த ஓட்டத்தை எதிர்க்காமல், அதன்மீதே தொழிலைக் கட்டியது ‘நம்ம யாத்ரி’. 2022-ல் பெங்களூருவில், ஆட்டோ டிரைவர்கள் சங்கத்துடன் சேர்ந்து ஜஸ்பே நிறுவனம் கொண்டுவந்த செயலி இது. பயணி டிரைவருக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும், கமிஷன் கிடையாது. நாளுக்கு 25 ரூபாய் அல்லது சவாரிக்கு 3.50 ரூபாய் என்று பின்னர் சந்தா வந்தது. பத்து சவாரிக்கு மேல் அன்றைக்கு எதுவும் இல்லை.

கணக்கு எளிது. நாளுக்கு 25 ரூபாய் என்பது, 25% கமிஷனில் ஒரே ஒரு 100 ரூபாய் சவாரிக்குக் கொடுக்கும் தொகை. இரண்டாவது சவாரியிலிருந்து டிரைவருக்கு லாபம்தான். நாள் முழுக்க ஓட்டும் ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை. ராபிடோவும் ஓலாவும் சந்தாவுக்கு மாறின. கடைசியில் ஊபரும் அந்த வரிசையில் வந்து நின்றது.

பயணிக்கு என்ன நஷ்டம்?

டிரைவருக்கு நல்லது நடந்தது. ஆனால், கம்பெனி பணத்தைத் தொடாதபோது பொறுப்பையும் தொடுவதில்லை. புதிய முறையில், செயலியில் தெரியும் ஆட்டோ கட்டணம் ஒரு பரிந்துரை மட்டுமே. இறுதித் தொகை பயணிக்கும் டிரைவருக்கும் இடையிலான விஷயம் என்று ஊபர் சொல்லிவிட்டது. ஆட்டோவுக்கு ஊபர் கிரெடிட், தள்ளுபடி எதுவும் செல்லாது. “மேல முப்பது ரூபா போட்டுக் கொடுங்க” என்ற பேரம், எந்தச் செயலியால் ஒழிந்தது என்று நினைத்தோமோ அதற்குள்ளேயே திரும்ப வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பல ஆண்டுகள் அது மாறாமலே இருக்க, 2025 பிப்ரவரியில் 50 ரூபாய், 18 ரூபாய் என்று சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. நடைமுறைக்கு ஒத்துவரும் அரசுக் கட்டணம் இல்லாத ஊரில், செயலியும் ‘பரிந்துரை’ என்று ஒதுங்கிக்கொண்டால் பயணி எதைக் காட்டிப் பேசுவார்?

வரியிலும் குழப்பம் தொடர்கிறது. தெருவில் கைகாட்டி ஏறும் ஆட்டோவுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதே ஆட்டோவைச் செயலியில் பிடித்தால் 5% என்ற விதி 2022 ஜனவரியில் வந்தது. அதைக் கட்ட வேண்டியது செயலி நிறுவனம். சந்தா மட்டும் வாங்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்துமா? வரிச் சட்டத்துக்கு முன்கூட்டியே விளக்கம் தரும் கர்நாடக ஆணையம், ‘நம்ம யாத்ரி’ விஷயத்தில் 2023-ல் பொருந்தாது என்றது. 2024-ல் ஊபர் இதே மாதிரியான மாடலுடன் போய்க் கேட்டபோது பொருந்தும் என்றது. 150 ரூபாய் சவாரியில் இந்த வித்தியாசம் 7.50. நாளுக்கு 25 ரூபாய் சந்தா வாங்கும் நிறுவனம், அதே டிரைவரின் பத்து சவாரிக்கு 75 ரூபாய் வரி கட்ட வேண்டியிருக்கும்.