மௌனம் சம்மதம் அல்ல!



சனிக்கிழமை இரவு 9.40. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஐயா ஒரு செய்தி போடுகிறார்: “நாளை 7ஆம் நம்பர் மலையில் கைக்காசு. எல்லோரும் வரவேண்டும். பதில் போடாதவர்கள் வருவதாக எடுத்துக்கொள்ளப்படும்.” வராதவர்களிடம் திங்கட்கிழமை பெரட்டில் கேள்வி: “மெசேஜ் பார்த்தீங்கதானே, நீல டிக் விழுந்திருக்கே?”

நீல டிக் எதைக் காட்டுகிறது? அந்தப் போனில் அந்தச் செய்தி திறக்கப்பட்டது என்பதை மட்டுமே. திறந்தது யார் என்று அது சொல்லாது. லயத்துக் காம்பராவில் ஒரு போனைத்தான் தாயும் பிள்ளையும் மாறி மாறிப் பாவிக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பாடம் பார்ப்பதும் அதில்தான். பிள்ளை திறந்ததற்குத் தாய் எப்படிப் பொறுப்பாவாள்?

ஞாயிறு நமது ஓய்வு நாள். அன்று வேலைக்கு வருவதென்றால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், நாம் சம்மதிக்கவும் வேண்டும். அந்தச் செய்தியோ கேட்கவில்லை, கட்டளையிடுகிறது. மௌனத்தைச் சம்மதமாக்குகிறது. சம்பளம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. கிலோவுக்கு எவ்வளவு என்று தெரியாமல் எதற்குச் சம்மதிப்பது?

“செய்தி அனுப்புவதே குற்றமா?” என்று கேட்பார்கள். இல்லை. 2024 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம்கூட வேலை நேரத்துக்குப் பிறகு செய்தி அனுப்புவதைத் தடுக்கவில்லை. மறுப்பது நியாயமற்றதாக இல்லாவிட்டால் தொழிலாளி அதைப் பார்க்காமலும் பதில் போடாமலும் இருக்கலாம் என்கிறது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

அதே செய்தி இப்படி வரட்டும்: “ஞாயிறு 7ஆம் நம்பர் மலையில் கைக்காசு. கிலோவுக்கு இத்தனை ரூபாய். விருப்பமானவர்கள் சனி மாலை கொழுந்து நிறுக்கும்போது பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்காதவர்கள் வரவேண்டியதில்லை.” இது வெள்ளிக்கிழமை பெரட்டிலேயே வாயால் சொல்லப்பட வேண்டும். போன் இல்லாதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மண்சரிவு அபாயம், விபத்து போன்ற அவசரம் என்றால் அழைப்பு எடுக்கட்டும், ஆள் அனுப்பட்டும். அவசரத்தைக் குழுவில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் யாருமில்லை.

இரவில் கட்டளை வந்தால் உடனே பதில் எழுத வேண்டாம். கோபத்தில் எழுதிய ஒரு வரியை நாளை விசாரணையில் நம் முன்னாலேயே வைப்பார்கள். செய்தியை அழிக்கவும் வேண்டாம். நாளும் நேரமும் தெரியும்படி படம் எடுத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை இவ்வளவு போதும்: “உங்கள் செய்தி சனி இரவு 9.40க்கு வந்தது. ஞாயிறு வேலைக்கு நான் சம்மதம் தரவில்லை. இனி பெரட்டில் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.” இதில் மரியாதைக் குறைவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மன்னிப்புக் கேட்க நாம் என்ன தவறு செய்தோம்?

இந்த விதி நமக்கும் உண்டு. சந்தாவுக்கும் கூட்டத்துக்கும் இரவு பத்து மணிக்குச் செய்தி போட்டு, “ஏன் பதில் இல்லை?” என்று எந்தத் தலைவரும் கேட்கக் கூடாது. நம் குழுவில் நாம் மதிக்காத ஓய்வை நிர்வாகம் மதிக்கப் போவதில்லை.

தோட்டக் கமிட்டிகள் இதை எழுத்தில் துரையிடம் கொடுக்கட்டும்: பெரட்டில் கேட்டால் பதில் உண்டு, இரவில் வரும் செய்திக்கு நமது மௌனம் மௌனம் மட்டுமே.